பந்து பட்டு நழுவிய விரல் மூட்டு: இழுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி. என் 15 வயது மகன் நான்கு நாளுக்கு முன் வாலிபால் ஆடும்போது, தடுக்கப் போன பந்து மோதிர விரல் நுனியில் பட்டு நடு மூட்டு பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டது. கூட ஆடிய அண்ணன் ஒருவர் அங்கேயே பிடித்து இழுக்க, டக்கென்று உட்கார்ந்துவிட்டது. விரல் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் வீக்கம் வடியவில்லை, முழுதாக மடக்க வரவில்லை. எண்ணெய் போட்டு உருவலாமா? எத்தனை நாள் கட்டு போட வேண்டும்?

பதில்: உருவ வேண்டாம். நாளையே எக்ஸ்ரே எடுங்கள். மூட்டு உட்கார்ந்துவிட்டதே, இனி எதற்குப் படம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த விரலை மட்டும் தனியாகப் பக்கவாட்டில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முழுக் கைப் படத்தில் மற்ற விரல்கள் மேலே விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும்.

நடு மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் தட்டையான, தடித்த நார் ஒன்று இருக்கிறது. விரல் பின்னால் வளையாமல் பிடிப்பது அதுதான். விரல் பின்பக்கம் நழுவும்போது அந்த நார் கிழியும், அல்லது தான் ஒட்டியிருக்கும் எலும்பில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். சில்லு சிறியதென்றால் கவலையில்லை. மூட்டுப் பரப்பில் ஏறத்தாழ பாதி பெயர்ந்திருந்தால், வெளியே நேராகத் தெரியும் விரல் உள்ளே மறுபடி மெல்ல நழுவும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உங்கள் மகன் வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கலாம். அந்த இடம் முறிந்தாலும் மூட்டு விலகியது போலவே தெரியும். மைதானத்தில் இழுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை.

இழுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நழுவிய எலும்பின் தலை சில நேரம் தசைநாண்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அப்போது நேராக இழுப்பது சுருக்குக் கயிற்றை இழுப்பது போல்தான், இழுக்க இழுக்க இறுகும். விரலும் உள்ளங்கையும் சேரும் அடி மூட்டில் இது மேலும் மோசம். கிழிந்த நார் மூட்டுக்குள் சிக்கினால், திறந்துதான் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் தோல் குழிந்து தெரிந்தால் அந்த மூட்டை யாரும் தொடக்கூடாது. நாங்கள் விரலை மரத்துப்போகச் செய்து, இழுப்பதைவிட எலும்பின் அடிப்பகுதியைத் தள்ளித்தான் உட்கார வைக்கிறோம்.

கட்டு விஷயத்துக்கு வருவோம். எந்தப் பக்கம் நழுவியது என்பதைப் பொறுத்துக் கட்டு மாறும். பின்பக்கம் நழுவி, எலும்பு முறியாமல், விரலை முழுதாக நீட்டும்போதும் மூட்டு நகராமல் இருந்தால், பக்கத்து நடுவிரலோடு சேர்த்து டேப் ஒட்டினால் போதும். இரண்டு விரலுக்கும் நடுவே பஞ்சோ காஸோ வைத்து, மூட்டின் மேல் படாமல் அதற்கு மேலும் கீழும் ஒட்ட வேண்டும். விரல் மடங்க வேண்டும். மூன்று முதல் ஆறு வாரம். உங்கள் பக்கத்துப் பனியிலும் சாரலிலும் டேப் நனைந்தால் விரலிடுக்கு வெந்துபோகும், நனைந்ததும் மாற்றுங்கள்.

நீட்டும்போது மூட்டு நழுவப் பார்த்தால், விரலின் பின்பக்கம் ஸ்பிளின்ட் வைத்து, கடைசி 30 டிகிரி நீளாமல் தடுப்போம். மடக்கலாம், முழுதாக நீட்டக் கூடாது. வாரம் 10 டிகிரி வீதம் தளர்த்தி, மூன்று வாரத்தில் எடுத்துவிட்டு டேப்புக்கு மாறுவோம். அதற்கு மேல் அசையாமல் வைத்தால் விரல் மடங்கியே இறுகிவிடும்.

உள்ளங்கைப் பக்கம் நழுவியிருந்தால் கதையே வேறு. விரலை நீட்டும் தசைநாண் அறுந்திருக்கலாம். அப்போது நடு மூட்டை நேராக வைத்து ஆறு வாரம் கட்ட வேண்டும். நுனி மூட்டு மட்டும் மடங்கலாம். இடையில் ஒருமுறை நடு மூட்டு மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் நடு மூட்டு மடங்கி, நுனி மேல்நோக்கி வளையும். பின்பக்கம் தூக்கியதாக நீங்கள் சொல்வதால் உங்கள் மகனுக்கு முதல் வகையாகவே இருக்கக்கூடும். ஆனாலும் நீட்டும் தசைநாணைச் சோதிக்கச் சொல்லுங்கள். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், மோதிரத்தைக் கழற்றி, விரல் இருக்கும் நிலையிலேயே போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, அட்டை வைத்துக் கட்டி அழைத்துப் போங்கள்.

எக்ஸ்ரே எடுக்கும் வரை நடுவிரலோடு டேப் ஒட்டி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்கட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், ஒரு நாளில் மூன்று முறை. காலைக் குளிரில் விரல் மரப்பது வேறு. கை சூடான பிறகும் அந்த விரல் மட்டும் மரத்திருந்தாலோ, வெளுத்திருந்தாலோ, மடக்கும்போது பக்கத்து விரலின் மேல் ஏறினாலோ, அங்கே தோல் கிழிந்திருந்தாலோ நாளை வரை காத்திராமல் இன்றே போங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, மூட்டு இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வீக்கம் பல மாதம் இருக்கும், மூட்டு கொஞ்சம் தடித்தே நிற்கவும் கூடும். அதை உருவிக் கரைக்க முடியாது.