மைலேஜ் குறைந்தால் முதலில் பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, தினமும் உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்கு 150 சிசி பைக்கில் வேலைக்குப் போகிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டி, நாலு வருஷம் ஆகிறது. முன்பு லிட்டருக்கு 42 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 34தான். ஒர்க்‌ஷாப்பில் "டியூனிங் போயிருச்சு, ரீமேப் பண்ணணும், 220 வெள்ளி" என்கிறார்கள். பண்ணலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கணினி முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு நாலு வருஷத்தில் தானாக மாறிவிடாது, "டியூனிங் போவதற்கு" அங்கே திருகும் ஸ்க்ரூவும் இல்லை. ரீமேப் என்பது அந்தக் கணக்கை மாற்றி எழுதுவது, பெரும்பாலும் வேகத்துக்காகச் செய்வது. கூடுதல் பெட்ரோல் கொடுத்துக் கூடுதல் இழுவை வாங்குவது அது. மைலேஜ் வேண்டும் என்று வந்தவருக்கு அதை விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

செலவு செய்வதற்கு முன் அந்த 34 உண்மையா என்று பாருங்கள். டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, அடுத்த முறை அதே பம்பில், வண்டியை அதே மாதிரி நிமிர்த்தி வைத்து, அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். 214 கிலோமீட்டர் ஓடி 6.3 லிட்டர் பிடித்தால் 34. ஆனால் போன தடவை அரை லிட்டர் குறைவாக ஊற்றியிருந்தால், உண்மையில் எரிந்தது 5.8 லிட்டர்தான், மைலேஜ் 37 ஆகிவிடும். அதனால் ஒரு தடவைக் கணக்கை நம்பாதீர்கள். மூன்று தடவை நிரப்பியதைக் கூட்டி, மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள்.

மூன்று தடவைக்குப் பிறகும் 34தான் என்றால், சரி, வண்டியை எதுவோ பிடித்து இழுக்கிறது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். செயின் இருப்பதால் நீண்ட நேரம் சுற்றாது, ஆனாலும் ஒன்றிரண்டு சுற்று வர வேண்டும். அரைச் சுற்றில் நின்றாலோ, தொடர்ந்து 'ஸ்ஸ்' என்று உரசினாலோ பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, பின் பிரேக்கின் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், டிஸ்க் என்றால் சுட்டுவிடும். தொடாமலே அனல் அடித்தால் விஷயம் அங்கேதான்.

போன வருஷம் இப்படி ஒருவர் வந்தார், அவரும் ரீமேப் கேட்டுத்தான். பின் டயரில் 29 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய வண்டியில் 17தான் இருந்தது. டிரம் பிரேக்கை முந்தைய கடையில் அதிகமாக இறுக்கி விட்டிருந்தார்கள். பெடலில் கொஞ்சமும் லூஸ் இல்லை. போதாக்குறைக்கு அவர் எப்போதும் வலது காலைப் பெடல்மேல் வைத்தே ஓட்டுவார். பிரேக்கைத் தளர்த்தி, காற்று அடித்து, காலைப் பின்னுக்கு வைக்கச் சொன்னேன். மூன்று தடவை நிரப்பியபின் 34 கொடுத்த வண்டி 39.5 கொடுத்தது. புதிதாக ஒரு பொருளும் போடவில்லை.

காற்று விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது அடிக்கும் இடங்களைப் பார்த்துத்தான். பெட்ரோல் ஸ்டேஷன் காற்று மெஷின் கார்க்காரர்களுக்கென்றே வைத்தது. முன்னால் வந்தவர் காருக்கு 230 கிலோபாஸ்கல் வைத்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அப்படியே அடித்தால் பின்னுக்கு 33 பிஎஸ்ஐ ஆகிவிடும். 29 வேண்டுமென்றால் 200 கிலோபாஸ்கல் வைக்க வேண்டும். குழாயின் தலையும் டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே நுழையாது. அழுத்திப் பிடிப்பதற்குள் பாதிக் காற்று போய்விடும். என் கடைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருபது வெள்ளிக்குள் ஒரு சின்னக் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, வாரம் ஒருமுறை பாருங்கள். சரியான அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் ஏற்றினால் அதே ஸ்டிக்கரில் உள்ள கூடுதல் அளவு. மைலேஜுக்காக 40 வரை அடிக்காதீர்கள். மழை நாளில் வெள்ளைக் கோட்டின்மேல் போகும்போது வழுக்கும்.

அப்புறம் ஏர் ஃபில்டர். எண்ணெய் பூசிய தாள் ஃபில்டர் என்றால் கம்பிரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஊதிவிட்டு "சர்வீஸ் பண்ணியாச்சு" என்று பில் போடும் கடைகள் உண்டு. பழைய ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். சர்வீஸுக்கு விடும்போது வால்வ் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு டியூனிங் என்றால் இவ்வளவுதான். 98 பெட்ரோல், டேங்க்கில் போடும் மாத்திரை, காந்தம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். உங்கள் கையேட்டில் சொன்ன ஆக்டேன் போதும்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயம். எக்ஸ்பிரஸ்வேயில் 90-ல் போகும்போது காற்றின் எதிர்ப்பு 80-ல் இருப்பதைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம். 22 கிலோமீட்டருக்கு நீங்கள் மிச்சம் பிடிப்பது இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. இடது லேனில் 80-ல் போங்கள். இரண்டாவது, தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் கிளட்ச்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு போவது மிச்சம் என்று நினைக்கிறார்கள். கியரில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். கிளட்ச்சைப் பிடித்தால் இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடி தெளிக்கும்.

இந்தப் பேச்சு கார்பரேட்டர் வண்டிக்குப் பொருந்தாது. சிஓஇ நீட்டித்த பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் கார்பரேட்டர் பெட்ரோல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதில் டியூனிங் உண்மையான வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மிக்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஐடில் அதிகபட்சம் எழும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் கையேட்டின் அளவுக்கு இறக்க வேண்டும். ஆனால் அந்த மிக்சர் ஸ்க்ரூ ஐடிலையும் ஆக்ஸிலேட்டரின் முதல் கொஞ்ச திருகலையும் மட்டுமே கட்டுப்படுத்தும். நெடுஞ்சாலை மைலேஜ், உள்ளே பெட்ரோல் போகும் அளவை வைக்கும் நீடிலிலும் மெயின் ஜெட்டிலும் இருக்கிறது. மெயின் ஜெட்டைக் குறைத்து வைத்து "மைலேஜ் ஏறும்" என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் கருப்பாகப் புகை படிந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, அந்தச் சூட்டில் வால்வும் பிஸ்டனும் போய்விடும். வண்டி 2003 ஜூலை 1-க்கு முன் பதிவானது என்றால் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூரில் ஓட்டவே முடியாது, அதனால் புது கார்பரேட்டருக்குப் பெரிய தொகை போடுமுன் யோசியுங்கள்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். சக்கரம் சுதந்திரமாகச் சுற்றி, காற்றும் ஃபில்டரும் சரியாக இருந்தும் 34தான் என்றால், மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் டயக்னாஸ்டிக் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோய்க் கோளாறு எண்ணை எழுதி வாங்குங்கள். எண்ணைக் காட்டாமல் "சென்சார் போச்சு" என்று மட்டும் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.