செத்த மீனில் புரளும் நாய்

"வெர்சோவா கடற்கரையில் செத்த மீனைக் கண்டால் எங்கள் நாய் அதில் புரள்கிறது. குளிப்பாட்டிய மறுநாளும் அதே கதை. வேட்டைக்காகத் தன் வாடையை மறைக்கிறதா?"

வேட்டைக்காக என்பது சந்தேகம்தான். ஓநாய்கள் பெரும்பாலும் துரத்தித்தான் இரை பிடிக்கின்றன. பதுங்கும் பூனைக்குத்தான் வாடையை மறைப்பதில் அதிக லாபம். கூண்டில் வளர்ந்த ஓநாய்களிடம் சோதித்தபோது அவை சாணத்தைவிட வாசனைத் திரவியத்திலும் மோட்டார் ஆயிலிலும் ஆர்வமாகப் புரண்டன. ஆயில் பூசிக்கொண்டு மானை ஏமாற்ற முடியுமா என்ன?

கலிபோர்னியாவில் சாம்பல் நரிகள் பூமா தன் வாடையை விட்டுச் சென்ற இடத்தில் உடலைத் தேய்ப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. பெரிய விலங்கின் வாடை தங்களுக்குப் பாதுகாப்பு என்பதற்காக இருக்கலாம். மறைப்பு என்றால் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. உங்கள் நாய்க்கு, புதிய கடும் வாடையை மேலே ஏற்றிக்கொள்ளும் பழைய வழக்கம் என்றே நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். முகர்ந்துவிட்டு, தோளையும் கழுத்தையும் முதலில் அழுத்துகிறதா? அப்படியானால் இந்தப் பழக்கம்தான். வீட்டுத் தரையிலும் முதுகைத் தேய்த்தால் அரிப்பாக இருக்கலாம். தெள்ளு, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை மணம் குறைந்த ஷாம்பூ போட்டுப் பாருங்கள், சில நாய்களுக்குப் பூ வாசனையே தொல்லை.

புரள்வதைவிடத் தின்பதுதான் ஆபத்து. மீனில் தூண்டில் முள் இருக்கலாம், பேத்தை மீன் என்றால் நஞ்சு. அந்தப் பகுதியில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.