துருக்கி மொழியில் விகுதி ஏன் மாறுகிறது?

"துருக்கி மொழியில் பன்மை விகுதி ஓரிடத்தில் 'லெர்', இன்னோரிடத்தில் 'லர்' என்று வருகிறதே, எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?"

சொல்லில் கடைசியாக வரும் உயிரை வைத்துத்தான். எ, இ சொல்லும்போது நாக்கு முன்னால் வரும். அ, ஒ, உ சொல்லும்போது பின்னால் போகும். முன்னுயிருக்குப் பின் 'லெர்', பின்னுயிருக்குப் பின் 'லர்'. எவ் என்றால் வீடு, எவ்லெர் வீடுகள். குஷ் என்றால் பறவை, குஷ்லர் பறவைகள். கிதாப் அரபிலிருந்து வந்த சொல், அதில் இ, அ இரண்டும் இருக்கின்றன. கடைசி உயிர் அ என்பதால் கிதாப்லர்.

சில விகுதிகள் உதட்டையும் பார்க்கும். 'என்' என்ற பொருள் தரும் விகுதி எவிம் (என் வீடு) என்பதில் இகரமாக வருகிறது. குஷும் (என் பறவை) என்பதில் உதடு குவிந்த உகரமாகிவிடுகிறது.

பலர் தடுமாறுவது 'கெலியொரும்' (வந்துகொண்டிருக்கிறேன்) போன்ற சொற்களில். வேர் 'கெல்', அதன் எகரத்தைப் பார்த்து அடுத்து இகரம் வருகிறது. நிகழ்காலம் காட்டும் 'யொர்' மட்டும் எதற்கும் மாறாது. அப்புறம் வரும் 'நான்' விகுதி வேரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் ஒகரத்தைப் பார்த்து 'உம்' ஆகிறது. 'யொர்' இல்லாத 'கெலிரிம்' (வருவேன்) என்பதில் அதே விகுதி 'இம்'. ஆக, இணக்கம் வேரிலிருந்து தாவுவதில்லை, ஒவ்வோர் உயிராகக் கைமாறிப் போகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

விதிவிலக்கும் உண்டு. மணி, கடிகாரம் என்று பொருள்படும் 'சாஅத்' அகரத்தில் முடிந்தும் 'சாஅத்லெர்' என்றே பன்மையாகும். இத்தகைய அரபுச் சொற்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.