ராஜினாமா செய்தால் லீவ் சம்பளம் முழுவதுக்கும் வரியா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 18 வருடம் 7 மாதம் வேலை பார்த்துவிட்டு 2025 ஆகஸ்ட் 31-ல் ராஜினாமா செய்தேன். கிராஜுவிட்டி 9,50,000 ரூபாயும், மீதமிருந்த 240 நாள் ஈட்டிய விடுப்புக்கு 9,60,000 ரூபாயும் கொடுத்தார்கள். கிராஜுவிட்டி 20 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை, லீவ் பணம் ராஜினாமா என்பதால் முழுக்க வரிக்குரியது என்று சொல்லி டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். பேசிக், டி.ஏ. சேர்த்து மார்ச் வரை 72,000, ஏப்ரலிலிருந்து 78,000. மொத்தச் சம்பளம் 1,20,000. புதிய வரி முறையில் இருக்கிறேன். இது சரிதானா?

பதில்: இரண்டு கணக்குமே தவறு. ஒன்று உங்களுக்குப் பாதகம், மற்றது சாதகம். ரிட்டர்னில் இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

முதலில் லீவ் பணம். வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 10(10ஏஏ), வயது முதிர்வால் ஓய்வு பெற்றாலும் வேறு வகையில் ஓய்வு பெற்றாலும் விலக்கு உண்டு என்கிறது. தானாக ராஜினாமா செய்து வெளியேறுவதும் இதற்குள் வரும் என்று சென்னை உயர் நீதிமன்றமே ஆர்.ஜே. ஷாஹ்னி வழக்கில் (159 ஐ.டி.ஆர். 160) சொல்லியிருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே லீவை சரண்டர் செய்து வாங்கும் பணத்துக்குத்தான் முழு வரி. உங்கள் அலுவலகம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த விலக்கு போகாது. கிராஜுவிட்டி விலக்கும் அப்படித்தான்.

ஆனால் 9,60,000 முழுவதும் விலக்காகாது. நான்கு தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு. கையில் வந்த 9,60,000 ஒன்று. 2023 ஏப்ரல் முதல் உள்ள உச்சவரம்பான 25 லட்சம் இன்னொன்று. மூன்றாவது, பத்து மாத சராசரிச் சம்பளம். வேலையை விட்ட நாளுக்கு முந்தைய பத்து மாதம் என்பது நவம்பர் முதல் ஆகஸ்ட் வரை. அதில் ஐந்து மாதம் 72,000, ஐந்து மாதம் 78,000. சராசரி 75,000, பத்து மாதத்துக்கு 7,50,000. இங்கே சம்பளம் என்பது பேசிக்கும், ஓய்வூதியப் பலன்களுக்குச் சேர்த்துக்கொள்ளப்படும் டி.ஏ.வும்தான், வீட்டு வாடகைப்படி வராது. நான்காவது, மிச்ச லீவின் மதிப்பு: 240 நாள் என்பது 8 மாதம், 75,000 வீதம் 6,00,000. இதுவே குறைவு. கம்பெனி மொத்தச் சம்பளமான 1,20,000-ஐ வைத்துப் பணம் கொடுத்ததால், மீதி 3,60,000-க்கு வரி உண்டு.

இந்த நான்காவது கணக்கில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாளுக்கு மேல் லீவை சட்டம் ஏற்காது. உங்கள் 18 வருடத்துக்கு 540 நாள். அதில் 300 நாள் எடுத்திருந்தால்தான் 240 மிஞ்சும். கம்பெனி வருடத்துக்கு 40 நாள் கொடுத்து, நீங்கள் 480 நாள் எடுத்திருந்தால், பதிவேட்டில் 240 நாள் இருந்தாலும் விலக்குக்குக் கணக்காவது 60 நாள்தான். லீவ் பதிவேட்டின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

அடுத்து கிராஜுவிட்டி. 20 லட்சம் என்பது மேல்வரம்பு மட்டுமே. பணிக்கொடைச் சட்டம் 1972-ன் கீழ் வரும் தொழிற்சாலை என்பதால், கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 45,000. ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதி முழு வருடமாகும் என்பதால் 19 வருடம்: 8,55,000. அதற்கு மேல் கம்பெனி தாராளமாகக் கொடுத்த 95,000 வரிக்குரியது. இதை நீங்களே காட்டிவிடுங்கள்.

ஆக, வரிக்குரியது 3,60,000-மும் 95,000-மும் சேர்ந்து 4,55,000. அலுவலகம் எடுத்துக்கொண்ட 9,60,000-ஐ விட 5,05,000 குறைவு.

கணக்கை எழுதிக்கொடுத்து, படிவம் 16-ஐத் திருத்தித் தரும்படி முதலில் சம்பளப் பிரிவைக் கேளுங்கள். மறுத்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. 2026-27 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்னில் மொத்தச் சம்பளத்தில் இரண்டு தொகையையும் முழுதாகச் சேருங்கள். பிறகு விலக்குப் பகுதியில் 10(10) என்பதில் 8,55,000, 10(10AA) என்பதில் 6,00,000 எனக் காட்டுங்கள். நிகரத் தொகையை மட்டும் சம்பளமாகப் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை, டி.டி.எஸ். விவரத்தோடு அது பொருந்தாது. அதிகம் பிடித்த வரி ரீஃபண்டாக வரும். படிவம் 16-ல் விலக்கு இல்லையே என்று துறை கேட்டால், இறுதிக் கணக்குத் தாள், பணிவிடுப்புக் கடிதம், பத்து மாதச் சம்பளச் சீட்டு, லீவ் பதிவேடு இந்த நான்கையும் வைத்துப் பதில் கொடுங்கள்.

இந்த வரம்புகள் ஆயுளுக்கும் சேர்த்துத்தான். இதற்கு முன் வேறு எங்கும் விலக்கு பெறவில்லை என்றால், அடுத்த வேலையை விடும்போது கிராஜுவிட்டிக்கு 11,45,000-மும் லீவ் பணத்துக்கு 19,00,000-மும்தான் மிச்சம் இருக்கும். புதிய நிறுவனத்திடம் இந்தப் படிவம் 16-ஐயும் ரிட்டர்ன் நகலையும் கொடுத்து வையுங்கள்.