8 கிலோ டம்பெல்லும் மெதுவான வேகமும்

கேள்வி: என்னிடம் 8 கிலோ டம்பெல் மட்டுமே உள்ளது, மெதுவாகச் செய்தால் கைத்தசை வளருமா?

வளரும், ஆனால் அதற்குக் காரணம் மெதுவான வேகமன்று, தசை களைத்து ஓயும் நிலையை நெருங்குவதே. எடையை 1 நொடியில் உயர்த்தி, 3 நொடிகளில் கட்டுப்பாட்டுடன் இறக்கினால், 15 முறைக்குத் தசை ஏறத்தாழ 60 நொடிகள் இறுக்கத்தில் இருக்கும். அந்த 60 என்னும் எண்ணில் மந்திரம் ஏதுமில்லை: அதன் பின்னும் 10 முறை எளிதாக இயலுமெனில் அந்தச் செட் பெரும்பாலும் வீண். முழு முயற்சியுடன் உயர்த்தியும் எடை தானாகவே மெதுவாக ஏறத் தொடங்கி, இன்னும் 1 அல்லது 2 முறையே முடியும் என்று தோன்றுவதுதான் சரியான அடையாளம். ஒரு முறையை 10 நொடிகளுக்கு மேல் வேண்டுமென்றே இழுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படி இழுக்கும்போது, வலிமையான தசை இழைகள் போதிய அளவு ஈடுபடும் முன்பே எரிச்சல் தாங்காமல் பலரும் நிறுத்திவிடுகிறார்கள்.