காலில் சிவப்பும் காய்ச்சலும்: நாங்கள் இழந்த ஒன்றரை நாள்

"இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கிறது. நேற்றிரவு முதல் காய்ச்சலும் அடிக்கிறது. பூச்சிக்கடியாக இருக்குமோ? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

பொறுக்க வேண்டாம், இன்றே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். இது செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்றாக இருக்கலாம். நான் மருத்துவர் இல்லை. இணையத்தில் பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இதே கேள்வியை என் தந்தையின் கட்டிலருகே நின்று நானும் கேட்டேன், பொறுத்தும் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது 68 வயது, சர்க்கரை நோயும் உண்டு. ஒரு மாலை திடீரென்று உடல் தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. காலில் அப்போது எதுவும் தெரியவில்லை. இந்த நோயில் தோல் சிவப்பதற்குச் சில மணி நேரம் முன்பே காய்ச்சல் வந்துவிடலாம் என்பது எங்களுக்குத் தெரியாததால், சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தோம். மறுநாள் காலை கெண்டைக்காலில் சிவப்பைப் பார்த்தபோதும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அன்று பார்த்த மருத்துவரிடம் காய்ச்சலை மட்டும் சொன்னோம். அவரும் வேட்டியை விலக்கிக் காலைப் பார்க்கவில்லை. காய்ச்சலோடு வரும் முதியவரின் பாதத்தை ஒரு நிமிடம் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு, ஆனால் காலைப் பற்றிச் சொல்லாதது எங்கள் பிழைதான். வீட்டுக்கு வந்து வலிக்கு மாத்திரையும் தேய்க்கக் களிம்பும் கொடுத்தோம். அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் சிவப்பு முழங்கால்வரை ஏறி, தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது.

மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் முதலில் செய்தது, சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, அருகில் நேரத்தை எழுதியதுதான். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இருந்த சேற்றுப்புண்ணைக் காட்டினார். அந்த வெடிப்பின் வழியாக நுழைந்த கிருமி, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா, தோலின் ஆழ்ந்த அடுக்கிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும் பரவுவதைத்தான் செல்லுலைட்டிஸ் என்கிறார்கள். மேலே தடவும் களிம்பு அந்த ஆழத்துக்கு எட்டாது என்பதும், கிருமி நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலேறுவதால்தான் நெறி கட்டுகிறது என்பதும், அது இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் மாத்திரைகளோடு வீட்டிலேயே குணமாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். நாங்கள் தாமதித்ததால் இரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை சிவப்பு பேனாக் கோட்டை இரண்டு விரல் அகலம் தாண்டியிருந்ததைப் பார்த்து நான் பதறிவிட்டேன். மருந்து தொடங்கிய முதல் ஓரிரு நாளில் சிவப்பு சற்றுக் கூடித் தெரியலாம் என்றும், காய்ச்சலும் வலியும் குறைகின்றனவா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும், 48 மணி நேரத்துக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தை மறுபரிசீலனை செய்வார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தியே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, அதன் பிறகே சிவப்பு கோட்டுக்குள் பின்வாங்கியது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் வலி பொறுக்க முடியாமல் இருந்தாலோ, தோல் ஊதா அல்லது கறுப்பு நிறமாகி நீர்க்கொப்புளம் எழும்பினாலோ, அந்த இடம் மரத்துப்போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தசையை மூடிய உறைவரை அழுகும் தொற்றின் அறிகுறிகளாக இவை இருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். மாநிறத் தோலில் சிவப்பு வெறும் கருமையாகத் தெரியலாம், ஆகவே புறங்கையால் இரு கால்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருப்பது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததாலும் இருக்கலாம். அதையும் வீட்டிலிருந்தே முடிவு செய்ய இயலாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக விழுங்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் விளிம்பில் கோடு வரைந்து நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், காய்ச்சலோடு காலையும் மறக்காமல் காட்டுங்கள், விரலிடுக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். என் தந்தைக்கு அந்தச் சேற்றுப்புண் ஆற, பூஞ்சைக்கான களிம்பைச் சில வாரங்கள் தொடர்ந்து தடவ வேண்டியிருந்தது. இப்போதும் குளித்து முடித்ததும் அவர் விரலிடுக்குகளை நான்தான் துடைத்து உலர்த்திவிடுகிறேன்.