கூந்தல் எண்ணெய் விளம்பரத்தில் எதைச் சொல்லலாம்?

"நான் தயாரிக்கும் எண்ணெய்க்கு 'முடி உதிர்வை நிறுத்தும்' என்று விளம்பரம் போடலாமா? வாங்கிய பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்."

வேண்டாம். கடுமையான காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும், அந்த நேரத்தில் உங்கள் எண்ணெயைத் தடவியவர் அதற்குத்தான் நன்றி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் தடவாத ஒரு குழுவோடு ஒப்பிடாமல் அது சான்றாகாது. அப்புறம், ஆரோக்கியமான தலையிலேயே தினமும் 50 முதல் 100 முடி உதிரும், அதை யாராலும் நிறுத்த முடியாது.

எண்ணெய் உராய்வைக் குறைக்கும், அதனால் முடி நடுவில் உடைவது குறையலாம். சீப்பில் வந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது, இரண்டு முனையிலும் இல்லையென்றால் பெரும்பாலும் உடைந்தது. ஆகவே 'சீவும்போது முடி உடைவதைக் குறைக்க உதவும்' என்று எழுதுங்கள், அதையும் சோதித்துப் பார்த்த பிறகு.